மாநிற முகம் உப்புப் பூக்காமல் மென்மையான பழைய ஃபிலிம் தோற்றம்: ஒரு முழுமையான வழிகாட்டி

பாம்பன் சின்னப்பாலம் கரையில் கடற்பாசி எடுத்துவிட்டுத் திரும்பிய ஓர் அக்காவை, அவருடைய சம்மதத்தோடு, மாலை ஐந்து மணி வெயிலில் படம் எடுத்தேன். மெரூன் நிறச் சேலைக்கு மேல் பாசி எடுக்கும் பெண்கள் வழக்கமாக அணியும் ஆண்கள் சட்டை. பின்னால் வெள்ளை அடித்த ஒரு ஃபைபர் படகு. அதற்கும் பின்னால் கடல். அன்றிரவே, விலை கொடுத்து வாங்கி வைத்திருந்த, preset எனப்படும் ஒரு ஆயத்த ஃபிலிம் அமைப்பை அந்தப் படத்தின் மேல் ஏற்றினேன். கடலும் படகும் நாற்பது ஆண்டுப் பழைய ஆல்பத்திலிருந்து எடுத்தவை போல அழகாக மங்கின. மறுநாள் படத்தைப் பார்த்த அக்கா, “என்ன தம்பி, மூஞ்சியெல்லாம் உப்புப் பூத்த மாதிரி இருக்கு?” என்று கேட்டார். அவர் சொன்னதைவிடத் துல்லியமாக அந்தக் குறையை இன்றுவரை என்னால் விவரிக்க முடியவில்லை. ஆகவே அந்தக் குறையை இந்த வழிகாட்டி முழுவதும் உப்புப் பூத்தல் என்றே அழைக்கிறேன். அதே படத்தை எப்படி மீண்டும் செய்தேன் என்பதை எண்களோடு படிப்படியாகக் கீழே எழுதியிருக்கிறேன். நான் பயன்படுத்தியது ஃபோட்டோஷாப். அதில் திரையில் தெரியும் பெயர்களை அப்படியே கொடுத்துள்ளேன்.

உப்பு ஏன் பூக்கிறது?

வெளுத்த ஃபிலிம் தோற்றத்தின் அடிப்படை, படத்தில் முழுக் கறுப்பு இல்லாமல் இருப்பது. ஒளி தாராளமாக விழுந்த கலர் நெகட்டிவிலிருந்து எடுத்த பிரிண்ட்டில் நிழல்கள் மெதுவாக இறங்கி, கறுப்பைத் தொடாமல், ஒரு கரும்பழுப்பிலோ கருஞ்சாம்பலிலோ நின்றுவிடும். கணினியில் இதைச் செய்ய, ஒளியளவை மாற்ற உதவும் Curves என்ற வளைகோட்டின் கீழ் முனையை மேலே தூக்குகிறோம். தூக்குவதில் தவறில்லை. எங்கே வரைக்கும் தூக்குகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

வெளிர்நிறத் தோலில், முகத்தின் நிழல் பக்கம்கூடப் பெரும்பாலும் நடுத்தொனியில்தான் நிற்கும். அத்தகைய முகங்களை வைத்து உருவாக்கிய ஆயத்த அமைப்பு, கீழிலிருந்து நடுத்தொனி வரை எல்லாவற்றையும் தாராளமாகத் தூக்கினாலும் அந்த முகத்துக்குச் சேதம் குறைவு. நம் கடற்கரையில் வெயிலில் உழைத்த மாநிற, கருநிற முகத்தின் நிழல் பக்கமோ வளைகோட்டின் கீழ் மூன்றில் ஒரு பங்கில் அமர்ந்திருக்கிறது. தூக்கும் கை நேராக அதன் மேல் விழுகிறது. இது புதிய சிக்கலும் அல்ல. ஃபிலிம் காலத்திலேயே கோடாக் நிறுவனம் பிரிண்ட் போடும் லேப்களுக்கு அனுப்பிய, ‘ஷெர்லி கார்டு’ என்று பெயர் பெற்ற மாதிரி அட்டையில் பல ஆண்டுகள் வெளிர்நிறப் பெண்ணின் முகமே இருந்தது. அந்த முகம் சரியாக வந்தால் நிறம் சரி என்று கணக்கிட்டார்கள்.

அக்காவின் நிழல் பக்கக் கன்னத்தில் அளந்தபோது சிவப்பு 92, பச்சை 58, நீலம் 42 என்று இருந்தது. நிறச்செறிவு 54 விழுக்காடு. ஆயத்த அமைப்பை ஏற்றிய பிறகு அதே இடம் 110, 82, 70 ஆனது. மூன்று எண்களும் கூடியிருக்கின்றன, ஆனால் ஒரே அளவில் கூடவில்லை. சிவப்பு 18 கூடியபோது நீலம் 28 கூடியது, ஏனெனில் தூக்கும் வளைகோடு தாழ்ந்த எண்ணை அதிகமாகவும் உயர்ந்த எண்ணைக் குறைவாகவும் தூக்கும். பழுப்பு என்பதே சிவப்புக்கும் நீலத்துக்கும் இடையே உள்ள தூரத்தால் உண்டாகும் நிறம். அந்தத் தூரம் 50-லிருந்து 40 ஆகச் சுருங்கியது, நிறச்செறிவு 36 விழுக்காட்டுக்கு இறங்கியது. உப்புப் பூத்தது இப்படித்தான். முகத்தின் சாயல், அதாவது அது சிவப்புப் பக்கமா மஞ்சள் பக்கமா என்பது, ஏறத்தாழ மாறவேயில்லை. அதனால்தான் கண்ணுக்கு “ஏதோ சரியில்லை” என்று மட்டும் தோன்றி, எதைத் திருத்துவது என்று புரியாமல் பலர் மஞ்சளையோ சிவப்பையோ மேலே கொட்டி இன்னும் கெடுத்துவிடுகிறார்கள்.

படம் எடுக்கும்போதே கவனிக்க வேண்டியவை

நம் கரையில் வெண்மணலும் வானமும் கடலும் மூன்று வெவ்வேறு நிற ஒளிகளை முகத்தின் மேல் வீசுகின்றன. வெயில் படும் கன்னம் பொன்னிறமாக இருக்க, நிழல் கன்னம் வானத்தின் நீலத்தை வாங்கிக்கொள்கிறது. தாடையின் அடிப்பக்கம் மணலின் மஞ்சளை வாங்கிக்கொள்கிறது. இந்த வேறுபாடு அளவோடு இருந்தால் முகத்துக்கு உயிர் கொடுக்கும். அளவு மீறினால் பின்னால் செய்யும் ஒவ்வொரு படியிலும் இரண்டு கன்னங்களும் இரண்டு ஆட்களுடையவை போலப் பிரிந்து நிற்கும். தனுஷ்கோடி போலத் திறந்த மணல்வெளியில் நண்பகலில் எடுத்த படத்தை இந்தத் தோற்றத்துக்கு நான் எடுத்துக்கொள்வதில்லை. கண்குழியில் விழும் கறுப்பு நிழலைத் தூக்கினால் அது மென்மையாவதற்குப் பதிலாக அழுக்காகிறது.

RAW வடிவில் எடுங்கள். முகத்தின் அருகே ஒரு சாம்பல் அட்டையைப் பிடித்து ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மணலையோ படகின் வெள்ளையையோ வெண்மைக்கு ஆதாரமாகக் கொள்ள வேண்டாம். சிப்பித்தூள் கலந்த மணல் தானே சற்று மஞ்சளானது, அதைத் தொட்டு வெண்மையைச் சரிசெய்தால் முகம் நீலத்துக்குப் போய்விடும்.

முதல் படி: திறப்பதும் அளப்பதும்

Camera Raw-வில் திறந்து, சாம்பல் அட்டையிலிருந்து White Balance எடுத்து முகப்படத்துக்கு அதையே கொடுங்கள். Highlights அளவை −30 வரை இறக்கலாம். Shadows அளவைத் தொடவே வேண்டாம். நிழலைத் தூக்கும் வேலையை நாம் பிறகு ஓர் இடத்தில் மட்டும் செய்யப் போகிறோம். இரண்டு இடங்களில் தூக்கினால் எது எதைக் கெடுத்தது என்று கண்டுபிடிக்க முடியாது. Clarity சுழியத்தில் இருக்கட்டும். அதைக் கீழே இறக்கினால் தோல் மென்மையாவது போலத் தோன்றும், ஆனால் அது மெழுகின் மென்மை. படத்தை 16 பிட்டில் ஃபோட்டோஷாப்புக்கு அனுப்புங்கள். 8 பிட்டில் வளைகோட்டை அழுத்தினால், நம் கரைப் படங்களில் எப்போதும் பாதி இடத்தைப் பிடித்திருக்கும் வானத்தில் பட்டை பட்டையாகக் கோடுகள் தெரியத் தொடங்கும்.

அடுத்து Color Sampler Tool-ஐ எடுத்து, Sample Size என்பதை 11 by 11 Average என வையுங்கள். ஒற்றைப் புள்ளியில் அளந்தால் ஒரு மயிர்க்காலோ வியர்வைத் துளியோ எண்ணை மாற்றிவிடும். மூன்று இடங்களில் அடையாளம் வைக்கவும்: வெயில் படும் கன்னத்தில் பளபளப்பு இல்லாத இடம், நிழல் பக்கக் கன்னம், தலைமுடியின் ஆழ்ந்த பகுதி. இந்த மூன்றின் எண்களும் Info பலகையில் எப்போதும் தெரியும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் உள்ள சிறு குறியைச் சொடுக்கி RGB, HSB என மாற்றி மாற்றிப் பார்க்கலாம்.

அக்காவின் படத்தில் வெயில் கன்னம் 176, 124, 96 என இருந்தது. HSB-யில் பார்த்தால் சாயல் 21 பாகை, செறிவு 45. நிழல் கன்னத்தின் சாயல் 19 பாகை, செறிவு 54. முடி 18, 17, 19. இந்த எண்களை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டேன். வெண்மை சரியாக அமைந்த படத்தில் மனிதத் தோலின் சாயல் இனத்துக்கு இனம் பெரிதாக மாறுவதில்லை. மெலனினும் குருதியும் கலந்த அந்தச் சாயல் சிவப்புக்கும் மஞ்சளுக்கும் இடையில் ஒரு சிறிய இடைவெளிக்குள் அடங்குகிறது. மாறுவது பெரும்பாலும் ஒளியளவும் செறிவுமே. எனினும் ஊரில் உள்ள எல்லோருக்கும் ஒரே எண்ணைத் தேடாதீர்கள். அந்த முகத்தின் தொடக்க எண்ணே அந்த முகத்துக்கு அளவுகோல். நான் எனக்கு வைத்திருக்கும் வரம்பு இதுதான்: வேலை முடியும்போது சாயல் தொடக்கத்திலிருந்து 3 பாகைக்கு மேல் விலகக் கூடாது, நிழல் கன்னத்தின் செறிவு 5-க்கு மேல் இறங்கக் கூடாது.

இரண்டாம் படி: மங்கவைக்கும் வளைகோடு

வேலையின் இதயம் இந்தப் படிதான், இதற்கு நேரம் ஒதுக்குங்கள். ஒரு Curves அட்ஜஸ்ட்மென்ட் லேயரைச் சேர்த்து, அதன் கலப்பு முறையை Normal-லிருந்து Luminosity-க்கு மாற்றுங்கள். இந்த மாற்றம் சிறிதாகத் தோன்றினாலும் மாநிறத் தோலுக்கு அது பெரிய காவல். Normal முறையில் வளைகோடு மூன்று வண்ணங்களையும் தனித்தனியாகத் தூக்குகிறது, நீலம் அதிகமாக ஏறுகிறது. Luminosity முறையில், ஒளியளவு எவ்வளவு மாற வேண்டுமோ அந்த ஒரே எண் மூன்று வண்ணங்களுக்கும் கூட்டப்படுகிறது. ஆகவே சிவப்புக்கும் நீலத்துக்கும் இடையிலான தூரம் குறையாமல் நிற்கிறது. கெடுத்த அதே ஆயத்த வளைகோட்டை இந்த முறையில் போட்டுப் பார்த்தேன். நிழல் கன்னம் 115, 81, 65 என்று வந்தது. செறிவு 36-க்குப் பதில் 43-இல் நின்றது. குறை நீங்கவில்லை, ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு குறைந்தது. மீதி வளைகோட்டின் வடிவத்தில் இருக்கிறது.

வளைகோட்டில் ஐந்து புள்ளிகள் வைத்தேன். Input 0 என்ற முனையை Output 28-க்கு உயர்த்தினேன். இதுவே மங்கல். பிறகு 40-ஐ 46-இலும், 90-ஐ 92-இலும் நிறுத்தினேன். 180-ஐ 180-இலேயே கட்டிப்போட்டேன். மேல் முனை 255-ஐ 242-க்கு இறக்கினேன். பார்க்கும்போது வளைகோடு கீழே ஒரு கால்விரல் போல வளைந்து, பிறகு ஏறத்தாழ நேராக ஏறி, உச்சியில் மீண்டும் சற்று மடிந்திருக்கும்.

40, 90 ஆகிய இரண்டு புள்ளிகளும் நங்கூரங்கள். முடி, புருவம், சட்டை மடிப்பின் கறுப்பு, படகின் அடிநிழல் ஆகியவை 40-க்குக் கீழே கிடப்பவை, அவை தாராளமாக மேலே வருகின்றன. நிழல் கன்னத்தின் ஒளியளவு ஏறத்தாழ 66. அது இரண்டு நங்கூரங்களுக்கும் நடுவில் இருப்பதால் வெறும் நான்கு எண் மட்டுமே உயர்கிறது. Info பலகையில் இப்போது நிழல் கன்னம் 96, 62, 46 எனவும், செறிவு 52 எனவும் காட்டியது. 54-லிருந்து இரண்டு மட்டுமே இறக்கம். முடியோ 18-லிருந்து 36-க்கு வந்துவிட்டது. படம் மங்கியிருக்கிறது, முகம் தப்பியிருக்கிறது.

உங்கள் படத்தில் நங்கூரங்கள் இதே எண்களில் அமையாது. நிழல் கன்னத்தின் ஒளியளவு எங்கே இருக்கிறது என்று பார்த்து, அதற்கு இருபது, இருபத்தைந்து எண் கீழே முதல் நங்கூரத்தையும், அதே அளவு மேலே இரண்டாவதையும் வைப்பதே வழி. மிகக் கருத்த முகமாக இருந்து நிழல் கன்னம் 40-க்கும் கீழே இருந்தால், முனையை 28 வரை உயர்த்த முடியாது. 16 அல்லது 18-உடன் நின்றுகொள்ள வேண்டும். அதற்கு மேல் தூக்கினால் முதல் நங்கூரத்துக்குக் கீழே வளைகோடு கிட்டத்தட்டப் படுத்துவிடும், முடிக்கும் நெற்றிக்கும் இடையிலான எல்லையே கலங்கிப்போகும். அந்த நிலையில் மங்கலைக் குறைத்துக்கொள்வதே நியாயம். முகத்தை வெளுக்கச் செய்து தோற்றத்தை நிறைவேற்றுவது எனக்கு ஒப்புதல் இல்லை.

மூன்றாம் படி: நிழலுக்கும் வெளிச்சத்துக்கும் சாயம்

பழைய கலர் பிரிண்ட்டில் மூன்று சாயங்களும் ஒரே வேகத்தில் வெளுப்பதில்லை. அதனால்தான் நம் வீட்டுப் பெட்டிகளில் கிடக்கும் திருமண ஆல்பங்கள் சிவப்பேறியும் மஞ்சளேறியும் இருக்கின்றன. அந்தச் சிவப்பை அப்படியே பின்பற்றினால் முகம் முதலில் அடிபடும். நான் நிழலுக்கு மட்டும் மெல்லிய நீலப்பச்சையும், உச்ச வெளிச்சத்துக்கு மட்டும் காகிதத்தின் மெல்லிய மஞ்சளும் கொடுக்கிறேன். நடுவில் தோல் இருக்கும் பகுதியைத் தொடுவதில்லை.

இங்கே பலர் விழும் ஒரு குழி உண்டு. நிழலுக்கு நீலம் கொடுக்க Blue சேனலின் கீழ் முனையைத் தூக்கினால் போதும், நிழல் மட்டும்தான் மாறும் என்று எண்ணுகிறோம். ஆனால் நிழல் கன்னத்தின் நீல எண் 46 மட்டுமே. அந்தக் கன்னம் கண்ணுக்கு முடியளவு இருட்டாகத் தெரியாவிட்டாலும், Blue சேனலைப் பொறுத்தவரை அது முடிக்குப் பக்கத்து வீடு. சேனலின் அடியைத் தூக்கினால் கன்னமும் கூடவே தூக்கப்படும், இரண்டாம் படியில் காப்பாற்றியது இங்கே தொலைந்துவிடும்.

ஆகவே எல்லையை ஒளியளவைக் கொண்டு வகுக்க வேண்டும். முதல் லேயருக்கு மேல் புதிய Curves லேயர் ஒன்றைச் சேர்த்து, Blue சேனலில் Input 0-ஐ Output 8-க்கும், Green சேனலில் Input 0-ஐ Output 3-க்கும் உயர்த்துங்கள். பிறகு லேயரின் மேல் இரட்டைச் சொடுக்குச் செய்து Layer Style பெட்டியைத் திறந்தால், அடியில் Blend If என்ற பகுதி இருக்கும். அது Gray என்றே இருக்கட்டும். Underlying Layer என்ற பட்டையின் வலப்பக்க வெள்ளை முக்கோணத்தை இடப்பக்கம் இழுத்து, Alt விசையை அழுத்தியபடி அதை இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியை 42-இலும் மறு பாதியை 64-இலும் நிறுத்துங்கள். 42 வரை சாயம் முழுதாகப் படியும், அதன் பின் மெல்லக் கரைந்து 64-இல் மறையும். முதல் வளைகோட்டுக்குப் பிறகு முடி 36-இலும் நிழல் கன்னம் 70-இலும் இருப்பதால் முடிக்குச் சாயம் கிடைக்கிறது, கன்னத்துக்குக் கிடைப்பதில்லை. முடி இப்போது ஏறத்தாழ 36, 38, 44 என்று காட்டும். நீலம் இருப்பதே கண்ணுக்குத் தெரியாத அளவு இது. அணைத்துப் பார்க்கும்போதுதான் அது இருந்தது புரியும். அந்த அளவே போதும். கடலும் வானமும் ஏற்கெனவே நீலமாக உள்ள ஊரில் நிழலுக்கும் அள்ளிக் கொடுத்தால் படம் முழுவதும் குளிரேறும்.

உச்ச வெளிச்சத்துக்கும் இதே முறை. மூன்றாவது Curves லேயரில் Blue சேனலின் மேல் முனையை 246-க்கு இறக்கி, Underlying Layer பட்டையின் கறுப்பு முக்கோணத்தைப் பிளந்து 185, 215 என வைத்தேன். படகின் வெள்ளை பழைய காகிதம் போலானது. வெயில் கன்னத்தின் ஒளியளவு ஏறத்தாழ 137 என்பதால் அது அசையவில்லை.

நான்காம் படி: நிறங்களைத் தணித்தல்

ஃபிலிம் தோற்றத்தில் நிறங்கள் அடங்கியிருக்க வேண்டும். அதற்காக Hue/Saturation லேயரில் Master நிலையில் மொத்தமாகச் செறிவை இறக்கினால் முகமும் இறங்கும். நிறம் நிறமாகத்தான் இறக்க வேண்டும். Cyans, Blues ஆகியவற்றை −25 வரை இறக்கினேன். கடல் உடனே அமைதியானது.

சேலையின் மெரூன்தான் சிக்கல். Reds பகுதியைத் தேர்ந்து இறக்கினால் உதடும் கன்னமும் சேர்ந்து சாம்பலாகின. காரணத்தைப் பெட்டியின் அடியில் உள்ள வண்ணப் பட்டையில் காணலாம். Reds என்பதன் இயல்பான எல்லை 345 பாகையிலிருந்து 15 பாகை வரை முழுதாகவும், அதைத் தாண்டி 45 பாகை வரை படிப்படியாகக் குறைந்தும் பரவுகிறது. 19, 21 பாகையில் உள்ள தோல் அந்தச் சரிவின் தொடக்கத்திலேயே இருக்கிறது. பட்டையின் வலப்பக்கக் குறிகளை இழுத்து, முழுப்பகுதி 0 பாகையிலும் சரிவு 10 பாகையிலும் முடியும்படி சுருக்கினேன். அதன்பின் செறிவை −20 இறக்கியபோது சேலை மட்டும் தணிந்தது. உதட்டையும் பாருங்கள். சிலருடைய உதடு 10 பாகைக்கும் கீழே இருக்கும். அப்போது லேயரின் மாஸ்க்கில் உதட்டின் மேல் கறுப்புத் தூரிகையால் ஒருமுறை தடவிவிட்டால் போதும்.

ஐந்தாம் படி: மென்மையும் மணிகளும்

மென்மை என்றதும் தோலை வழுவழுப்பாக்கும் வடிகட்டியை நாட வேண்டாம். நான் தேடும் மென்மை, வெளிச்சம் தன் எல்லையைத் தாண்டிச் சற்றே கசிவதால் வருவது. Ctrl+Alt+Shift+E அழுத்தினால் இதுவரை செய்த எல்லாம் சேர்ந்த ஒரு புதிய லேயர் உருவாகும். அதன்மேல் Gaussian Blur கொடுங்கள். 6000-க்கு 4000 புள்ளிகள் கொண்ட படத்துக்கு Radius 40 பொருத்தமாக இருந்தது. கலப்பு முறை Screen, Opacity 15. இப்படியே விட்டால் முகம் முழுவதும் பனிபடர்ந்தது போல வெளுக்கும், உப்பு வேறு வழியாகத் திரும்பி வரும். எனவே இங்கும் Blend If-இல் This Layer பட்டையின் கறுப்பு முக்கோணத்தை 170, 220 எனப் பிளந்தேன். படகின் விளிம்பும் அலையின் நுரையும் மட்டும் கசிகின்றன. அக்காவின் கண்ணோரச் சுருக்கங்கள் அப்படியே இருக்கின்றன.

பழைய ஃபிலிம் படங்களில் தெரியும் நுண்புள்ளிகளான மணிகளுக்கு, 50% gray நிரப்பிய புதிய லேயரை Overlay முறையில் வைத்து, Add Noise-இல் Amount 8, Gaussian, Monochromatic எனக் கொடுத்து, அதன்மேல் 0.6 அளவு Gaussian Blur சேர்த்து, Opacity 40-க்கு இறக்கினேன். Monochromatic என்பதை மறந்தால் மணிகள் பச்சையும் ஊதாவுமாகச் சிதறும். மணலில் அது தெரியாது, கன்னத்தில் தேமல் போலத் தெரியும்.

எப்படிச் சரிபார்ப்பது?

முதலில் எழுதி வைத்த தாளை எடுத்து எண்களை ஒப்பிடுங்கள். என் படத்தில் கடைசியில் நிழல் கன்னம் சாயல் 19 பாகையும் செறிவு 52-ஐ ஒட்டியும் நின்றது. எண்கள் சரியாக இருந்தும் கண்ணுக்கு உறுத்தினால் மூன்று இடங்களைப் பார்க்கிறேன். உதடும் கன்னமும் ஒரே நிறமாகத் தெரிந்தால் சிவப்பு அளவுக்கு மீறி வடிந்திருக்கிறது. கண்ணின் வெண்பகுதி கன்னத்தைவிட மஞ்சளாகத் தெரிந்தால் உச்ச வெளிச்சச் சாயம் கீழே இறங்கிவிட்டது, கறுப்பு முக்கோணத்தை இன்னும் வலப்பக்கம் தள்ள வேண்டும். கழுத்தின் நிழலும் முகத்தின் நிழலும் வேறு வேறு ஆளுடையவை போல் இருந்தால், குற்றம் பெரும்பாலும் நிழல் சாயத்தில். அதன் 64 என்ற எல்லையைக் குறையுங்கள்.

நெடுநேரம் மங்கிய படத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் கண் அதற்குப் பழகிவிடும். பத்து நிமிடம் வெளியே சென்று, பகலொளியில் உங்கள் கையையோ பக்கத்தில் இருப்பவரின் முகத்தையோ பார்த்துவிட்டுத் திரும்புங்கள். நான் கூடுமானவரை படத்தில் இருப்பவரிடமே காட்டிவிடுகிறேன்.

அதே சட்டகத்தில் வெளிர்நிறத்தவரும் கருநிறத்தவரும் சேர்ந்து நின்றால் நங்கூரங்களைக் கருத்த முகத்துக்கு வையுங்கள். அந்த வளைகோடு வெளிர்ந்த முகத்தைக் கெடுப்பதில்லை, மறுதலையாகச் செய்தால்தான் ஒருவர் அடிபடுவார். கைபேசியில் எடுத்த JPEG படங்களில் நிழலை ஏற்கெனவே கைபேசியே தூக்கி வைத்திருக்கும். அதில் முனையை 12-க்கு மேல் உயர்த்த இடமிருப்பதில்லை.

வெளியிடுவதும் பிரிண்ட் போடுவதும்

திரைக்கு என்றால் Convert to Profile மூலம் sRGB-க்கு மாற்றி, அளவைச் சுருக்கிச் சேமியுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் சுருக்கத்தில் மணிகள் கட்டம் கட்டமாக உடையும். ஆவணமாக அனுப்புங்கள், அல்லது மணி லேயரை அணைத்து ஒரு தனிப் பிரதி எடுத்து அனுப்புங்கள்.

பிரிண்ட்டுக்கு ஒரு மாற்றம் அவசியம். மேட் காகிதம் தன் இயல்பிலேயே முழுக் கறுப்பைக் காட்டாது. நாம் 28-க்கு உயர்த்திய நிழல் அதன்மேல் இன்னும் உயர்ந்து, படம் புகை மூடியது போலாகும். அக்காவுக்குக் கொடுத்த மேட் பிரிண்ட்டுக்காக முதல் வளைகோட்டின் முனையை 28-லிருந்து 16-க்கு இறக்கினேன். முடி அதற்கேற்ப இறங்கியதால் நிழல் சாயத்தின் 42, 64 எல்லைகளையும் 34, 58 என மாற்றினேன். பளபளப்புக் காகிதம் என்றால் 24 வரை வைத்துக்கொள்ளலாம். முழு அளவில் போடுவதற்கு முன் முகத்தை மட்டும் வெட்டி நான்குக்கு ஆறு அளவில் ஒரு சோதனைப் பிரிண்ட் போட்டு, டியூப் லைட்டில் அல்லாமல் வாசல் வெளிச்சத்தில் பாருங்கள். டியூப் லைட்டின் பச்சை கலந்த ஒளியில் நல்ல பிரிண்ட்டும் நிழல் கன்னத்தில் உப்புப் பூத்ததாகவே தெரியும்.